நோவா கதையை விடுங்க, பஜேரோவைப் பாருங்க

கம்பெனிக்குப் பெயர் வைப்பது பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் செவ்ரோலே நோவா கதையை எடுத்துவிடுவார். ஸ்பானிஷில் 'நோ வா' என்றால் 'ஓடாது', அதனால் லத்தீன் அமெரிக்காவில் அந்தக் கார் விற்கவே இல்லையாம். கட்டுக்கதை. மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் நோவா நன்றாகவே விற்றது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமே நோவா என்ற பெயரில் பெட்ரோல் விற்றிருக்கிறது. 'நோவா'வில் அழுத்தம் முதல் எழுத்தில் விழும், 'நோ வா'வில் இரண்டாவதில். ஸ்பானிஷ்காரர் காதில் இரண்டும் வேறு வேறு.

மிட்சுபிஷி பஜேரோ அப்படியல்ல. ஸ்பானிஷ் கொச்சையில் சுய இன்பம் செய்பவனைத் திட்டும் சொல் அது. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அதனால் ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அதே வண்டி மொன்டேரோ ஆனது. ஹூண்டாய் கோனாவும் போர்ச்சுகல் போனதும் கவாய் ஆனது. அங்கே அந்த ஒலி பெண்ணுறுப்பைக் குறிக்கும் கெட்ட வார்த்தைக்கு மிக நெருக்கம். (தமிழில் 'கோண' என்றால் கோணல்தான். சென்னைக்குப் பக்கத்திலேயே எலக்ட்ரிக் கோனாவை அசெம்பிள் செய்து விற்றார்கள், நமக்காக யாரும் பெயரை மாற்றவில்லை!)

ஆக, அகராதியைப் புரட்டிப் பயனில்லை. கொச்சைச் சொற்கள் பல அதில் ஏறாது. நீங்கள் சரக்கு அனுப்பப்போகும் ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் பெயரை எழுதிக் காட்டி, அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சிரிப்பை அடக்குகிறாரா என்று முகத்தைப் பாருங்கள். உலகத்து மொழிகள் அத்தனைக்கும் பயப்பட வேண்டாம், விற்கப்போகும் இடத்தின் மொழிகள் போதும்.

நம் ஊர் சிறுதொழிலுக்குக் கெட்ட அர்த்தத்தைவிடப் பெரிய தலைவலி உச்சரிப்பு. செக்கு எண்ணெய்க்கு 'மகிழ்' என்று பெயர் வைப்பதாக வைத்துக்கொள்வோம். அழகான பெயர். ஆங்கிலத்தில் Magizh என்று எழுதினால் பெங்களூர் கடைக்காரர் 'மகிஸ்' என்பார். Magil என்றால் நம்மாட்களே 'மகில்' என்பார்கள். கோழிக்கோடு வடக்கே போய் 'கோஸிக்கோட்' ஆவது தெரிந்ததுதானே? காதில் கேட்டதை வைத்து இன்ஸ்டாகிராமில் தேடுகிறவர் Makil, Magil, Makizh என்று எதையாவது தட்டுவார், உங்கள் கடை கண்ணில் படாது.

பெயரை முடிவு செய்யுமுன், தமிழ் தெரியாத சிலருக்கு போன் போட்டு ஒருமுறை மட்டும் சொல்லி, கேட்டதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வந்தால் அந்தப் பெயர் வேண்டாம் என்பேன். ழகரம் தமிழின் பெருமைதான், ஆனால் வெளியூரில் விற்கும் பாட்டில் லேபிளில் வேண்டாமே. இதை டிரேட்மார்க்குக்குப் போவதற்கு முன்பே செய்துவிடுங்கள். தனிநபர், சிறுதொழில் என்றால் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். விண்ணப்பித்த பிறகு பெயரையே மாற்ற விடமாட்டார்கள், புதிதாகப் பணம் கட்டிப் புது விண்ணப்பம்தான்.