அந்தப் பன்னிரண்டு நொடி வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களுக்கு

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் குரூப்பில் ஆரம்பித்து ஊர் குரூப் வரைக்கும் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இன்னொரு பிள்ளையின் காலைப் பிடித்துச் சாய்க்கிறாள், மேலே "பள்ளிக்கூடமா, ரவுடிப் பயிற்சியா?" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு மறுநாளே மேட் எல்லாவற்றையும் சுருட்டி ஸ்டோர் ரூமில் போடச் சொல்லிவிட்டார்கள். அந்த மல்யுத்த வகுப்பை எடுத்த பி.இ.டி. டீச்சர் நான்தான். இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். நேற்று ஒருவர், "கழுத்து உடைந்து செத்தால் டீச்சர் பொறுப்பெடுப்பாரா?" என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த வீடியோவையே இன்னொரு முறை பாருங்கள். சாய்க்கிற பிள்ளையை விடுங்கள், விழுகிற பிள்ளையைப் பாருங்கள். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது. கை பின்னால் ஊன்றப் போகவில்லை. முதலில் இடுப்பு மேட்டில் படுகிறது, அப்புறம் முதுகு, அதோடு சேர்த்து இரண்டு உள்ளங்கையும் பக்கவாட்டில் மேட்டைத் தட்டுகின்றன. தலை மேட்டில் படவே இல்லை. சாய்த்தவளும் அவள் கீழே போய்ச் சேரும்வரை பிடியை விடவில்லை, கூடவே மண்டியிட்டு இறங்குகிறாள். இதைத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். நான் சாய்க்கச் சொல்லிக்கொடுத்ததைவிட விழச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் விழுகிற விதத்தால்தான். பின்பக்கமாகச் சாயும்போது யாராக இருந்தாலும் கை தானாகப் பின்னால் ஊன்றப் போகும். முழு உடம்பு எடையும் நீட்டிய ஒரு கையில் இறங்கும். மணிக்கட்டு, முழங்கை, காறையெலும்பு எல்லாம் அப்படித்தான் உடைகின்றன. முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பையன் தண்ணீர் சிந்திய வராண்டாவில் வழுக்கி இதேபோல் கையை ஊன்றி விழுந்தான். முழங்கைக்கு மேலே எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை வரைக்கும் போனது. ஆட்டோவில் அவன் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனது நான்தான். வராண்டாவை மூடச் சொல்லி அன்றைக்கு யாரும் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு விழத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த ஆட்டோவில் வைத்துத்தான்.

அதனால் என் வகுப்பில் முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் உருள வேண்டும். அது பழகிய பிறகு குத்தவைத்த நிலையிலிருந்து, அதற்கும் பிறகுதான் நின்றபடி. உருளும்போது மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையைச் செருகிவிடுவேன், அது கீழே விழக் கூடாது. எந்தப் பிள்ளைக்குக் கைக்குட்டை விழுகிறதோ அந்தப் பிள்ளைக்கு அடுத்த பாடம் கிடையாது. இதில் சமரசமே இல்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், அழுதும் பார்த்தார்கள்.

அப்புறம் ஸ்டான்ஸ், அதாவது நிற்கிற நிலை. பாதங்கள் தோள் அகலத்துக்கு, ஒரு பாதம் கொஞ்சம் முன்னால். முழங்கால் மடங்கி, இடுப்பு இறங்கி, முதுகு நேராக, தலை நிமிர்ந்து, முழங்கைகள் விலாவோடு. எடை பாதத்தின் முன்பகுதியில். நகரும்போது காலைக் குறுக்கே போடக் கூடாது, இரண்டு பாதத்தையும் ஒட்டவும் கூடாது. ஒட்டின நொடியில் ஒரு சின்னத் தள்ளு போதும், ஆள் கீழே. பிள்ளைக்கு இது வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மோதவிட வேண்டியதில்லை. எதிரெதிரே நிற்கவைத்து, ஒருத்தி மற்றவளின் முழங்காலை விரல் நுனியால் தொட வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைப்பேன். பிடி கிடையாது, தள்ளு கிடையாது, தொட்டால் ஒரு பாயின்ட். தொடப் போகிறேன் என்று இடுப்பை இறக்காமல் முதுகை வளைத்துக் குனிகிறவள் உடனே தடுமாறிவிடுவாள், அவளுக்கே தெரிந்துவிடும். வாரக்கணக்கில் இது மட்டும்தான். வீடியோ எடுத்த அந்த நல்லவர் அந்த வாரங்களில் எங்கே போயிருந்தார்?

சரி, சாய்ப்பதற்கு வருவோம், அதுதானே எல்லோருக்கும் உறுத்துகிறது. நான் சொல்லிக்கொடுத்தது எதிராளியின் இரண்டு காலையும் பிடித்துச் சாய்க்கிற டபுள் லெக் ஒன்றுதான், அதையும் முதலில் இரண்டு பேரும் மண்டியிட்ட நிலையில். அதில் விழுகிற உயரம் பாதியாகிவிடும். பிறகு நின்றபடி. இடுப்பை இறக்கி, முன்கால் எதிராளியின் இரண்டு பாதங்களுக்கு நடுவே போக வேண்டும், முழங்கால் மேட்டில் லேசாகத் தொட்டுப் போக வேண்டும், இடிக்கக் கூடாது. தலை எதிராளியின் விலாவுக்கு வெளிப்பக்கம், முகம் நிமிர்ந்து. கைகள் இரண்டும் முழங்காலுக்குப் பின்னால். அப்புறம் நேராக முட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நடந்தால் எதிராளி உட்கார்ந்துவிடுவாள். தூக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் ஆபத்து எங்கே என்று கேட்டால் நான் மறைக்க மாட்டேன். தலையில்தான். தலையைத் தொங்கப்போட்டு உள்ளே போனால் எதிராளியின் எடை போகிறவளின் கழுத்தில் இறங்கும். அதாவது கழுத்துக்கு ஆபத்து விழுகிறவளுக்கு மட்டும் இல்லை, சாய்க்கிறவளுக்கும் உண்டு. அதனால்தான் தலை குனிந்தால் அந்த நொடியிலேயே விசில். அதனால்தான் மேட்டில் ஒரு நேரத்தில் இரண்டு ஜோடிக்கு மேல் விடுவதில்லை, இரண்டையும் நானே பார்க்க வேண்டும்.

"வகுப்பில் அறுபது பிள்ளைகள், இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில் நடக்காது. இருபது பேர் மேட் ஓரம், மற்றவர்களுக்கு வேறு விளையாட்டு, அதைப் பார்க்க இன்னொரு ஆசிரியர் வேண்டும். அந்த இன்னொரு ஆசிரியர் இல்லாத அன்றைக்கு நான் மேட்டை விரித்ததே இல்லை.

மேட்டைப் பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார், "ஏதோ பஞ்சு மெத்தையைப் போட்டு" என்று. போட்டிகளில் போடுகிற மேட் பொதுவாக 4 முதல் 6 சென்டிமீட்டர் கனம் இருக்கும், அழுத்தமான நுரை. எங்களிடம் இருப்பதும் அந்தக் கனத்தில்தான். ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் போடுகிற தடி மெத்தை இதற்கு ஆகாது, பாதம் உள்ளே புதைந்து கணுக்கால் திருகிக்கொள்ளும். வீட்டில் குழந்தை தவழப் போடுகிற மெல்லிய ரப்பர் துண்டுகளும் ஆகாது. இரண்டு மேட் சேருகிற இடத்தில் இடைவெளி இருந்தால் கால் விரல் மாட்டும், அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் டேப் ஒட்டுவோம். வெளிச்செருப்பு மேட்டில் ஏறக் கூடாது. வகுப்பு முடிந்ததும் கிருமிநாசினி போட்டுத் துடைப்போம், இல்லாவிட்டால் படர்தாமரை ஒரு பிள்ளையிடமிருந்து பத்துப் பிள்ளைக்குப் போகும். தோலில் தடிப்பு இருக்கிற பிள்ளை அன்றைக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கும்.

இனி விதிகள். ஆரம்பிக்கும் முன் நகம் பார்ப்பேன். கொலுசு, வளையல், ஊக்கு, கழுத்துச் செயின், தாயத்து எல்லாம் ஒரு டப்பாவுக்குள் போக வேண்டும். மூக்குத்தியைக் கழற்ற முடியாது என்றால் மேட் கிடையாது, வற்புறுத்தவும் மாட்டேன். பெண் பிள்ளையோடு பெண் பிள்ளை, எடையில் ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கழுத்து, முகம், முடி, விரல், உடை இவற்றில் பிடி கூடாது. மேட்டையோ ஆளையோ இரண்டு தட்டு தட்டினால் அப்படியே விட்டுவிட வேண்டும். கீழே போய்ச் சேர்ந்ததும் ஆட்டம் முடிந்தது, மேலே ஏறி அமுக்குவது கிடையாது. யாருக்கு இஷ்டமில்லையோ அவர்கள் காரணம் சொல்லாமலே விலகலாம். வீட்டுக் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையும் மேட்டில் ஏறியதில்லை. நான் செய்து காட்டுவதுகூட எந்தப் பிள்ளையின் உடம்பிலும் இல்லை, இன்னொரு பெண் ஆசிரியையை வைத்துத்தான். 2023-இல் ஜந்தர் மந்தரில் நம் மல்யுத்த வீராங்கனைகள் எதற்காக உட்கார்ந்தார்கள் என்று பார்த்தவள் நான். பாலியல் அத்துமீறல் புகாரைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று உலகப் போட்டியில் பதக்கம் வாங்கியவர்களே தெருவில் உட்கார வேண்டியிருந்தது. தொடுவதற்கு விதி இருக்க வேண்டும், அந்த விதி பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"இது வடநாட்டு விளையாட்டு, நமக்கெதற்கு" என்றும் ஒரு பதிவு. புறநானூற்றில் 80-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பில், மறு கால் அவன் முதுகுப் பக்கம் வளைத்து என்று காலின் இருப்பைக்கூட விடாமல் சொல்கிறார். மார்பில் கால் வைப்பது என் வகுப்பில் முடியாது, அது வேறு விஷயம்.

சடுகுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் பிடி, தொடைப் பிடி, பின்னாலிருந்து இடுப்பைப் பிடிப்பது, நாலு பேர் ஒருத்தன் மேல் விழுவது, எல்லாம் கட்டாந்தரையில். எடை பார்த்தா ஜோடி சேர்க்கிறார்கள்? விழச் சொல்லிக்கொடுத்தா இறக்குகிறார்கள்? அதற்கு ஊரே கை தட்டுகிறது, நானும்தான் தட்டுகிறேன், நானே ஆடியவள். அப்போது வராத கழுத்துப் பயம், மேட் போட்டு, நகம் வெட்டி, எடை பார்த்து, விசிலோடு ஆசிரியை நிற்கும்போது மட்டும் வருகிறது என்றால், பயம் கழுத்தைப் பற்றியதுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்த வீடியோவுக்குக் கீழே வந்த நூற்றுக்கணக்கான கருத்துகளில் முக்கால்வாசி பிள்ளைகளின் உடையைப் பற்றியும், "நாளைக்கு இவளை யார் கட்டுவான்" என்பதைப் பற்றியும்தான். ட்ராக் பேன்ட், முழுக்கை டிஷர்ட் போட்ட பதினான்கு வயதுப் பிள்ளைகள் அவர்கள். சாய்த்த பிள்ளை மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. விழுந்த பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை, தினமும் வந்து "அவ எப்ப மிஸ் வருவா" என்று என்னைக் கேட்கிறாள். உங்களில் யாராவது அவளுக்கு அடிபட்டதா என்று கேட்டீர்களா?

இந்த மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. மேட்டை ஹாலில் விரிக்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனுமதி கிடைத்தால் குரூப்பில் எழுதிய அம்மாக்கள் வாருங்கள், கொலுசைக் கழற்றிவிட்டு ஸ்டான்ஸில் நில்லுங்கள், தோளில் நான் தள்ளுகிறேன். அப்புறம் மோவாயில் கைக்குட்டை வைத்து ஒரு முறை உட்கார்ந்தபடி உருண்டு பாருங்கள். அப்பாக்களுக்கு எங்கள் பள்ளியிலேயே சார் இருக்கிறார், அவர் சொல்லிக்கொடுப்பார். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் எந்தப் படியில் வேண்டாம் என்று சொல்லுங்கள், உருளுவதா, நிற்பதா, முழங்கால் தொடுவதா, மண்டியிட்டுச் சாய்ப்பதா. அந்தப் படியை நிறுத்திவிட்டு மற்றதை நடத்துகிறேன்.