ஏட்டில் இல்லாத புள்ளியை நான் எங்கிருந்து கொண்டுவருவது?

ஞாயிறு கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எட்டு மாதம் குனிந்திருந்து நான் ஓலையிலிருந்து கணினியில் படியெடுத்த, அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாடல் ஏட்டைக் காட்டி, "ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை, மட்டக்களப்பானுக்குத் தமிழ் வராது என்பார்கள்" என்றார் ஒருவர். சபை சிரித்தது. இரவோடிரவாக என் கோப்பில் புள்ளியெல்லாம் வைத்துத் திருப்பியும் அனுப்பிவிட்டார். பெரிய உபகாரம்.

ஏட்டில் இல்லாத இடத்தில் படியிலும் இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியை விட்டார்கள் என்பார்கள். எகர ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். ரகரமும் காலும்கூட ஒரே வடிவம்.

ஒரு வரி பாருங்கள்: "பெர கெடடு வநதான". அவர் திருத்தியது: "பேர் கெட்டு வந்தான்". ஏன் "பேர் கேட்டு வந்தான்" என்று இருக்கக்கூடாது? ஒன்றில் அவன் மானமிழந்து வருகிறான், மற்றதில் புகழைக் கேள்விப்பட்டு வருகிறான். ஏடு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அவருடைய புள்ளியும் நெடிலும் ஒன்றை மூடிவிட்டன. (ரகரமா காலா என்பதில் நானும் ஒன்றைத் தெரிந்தெடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதை ஓரத்தில் குறித்து வைத்தேன்.)

"படிப்பவனுக்கு விளங்க வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். அதற்குத் திருத்திய பிரதி ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள், நானே உதவுகிறேன். "தேடினால் சொல் அகப்படாதே?" அகப்படாதுதான். அதற்காக ஏட்டை மாற்றுவதா? எழுதியவர் சில இடங்களில் மட்டும் புள்ளி வைத்திருந்தார். ஏன் அங்கே மட்டும் என்று இனி யாரும் கேட்க முடியாது. எல்லா இடத்திலும் இருக்கிறதே!

என் அம்மம்மா புள்ளி வைக்கமாட்டார். ஒருமுறை கடிதத்தில் "எனககு பல வலி" என்று எழுதியிருந்தார். வீடே சிரித்தது. பல் வலியா, பல வலியா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு இரண்டும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பும் அதே சிரிப்புத்தான். புள்ளி வைக்காதவன் படிக்காதவன், அவ்வளவுதானே?

கொம்பு விஷயம்தான் என்னால் தாங்க முடியாதது. ஓலை விளிம்பில் இடம் போதாமல், கொம்பு வரிக் கடைசியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரித் தொடக்கத்திலும் நிற்கும். கணினியில் எழுத்துக்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். தனிக் கொம்பைத் தட்டினால் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று தோன்றும். ஏட்டின் வரி எங்கே உடைந்தது என்பதற்கு அந்த வட்டங்களே அடையாளம். அவர் அவற்றைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து, கொம்புகளை அடுத்த வரிக்குக் கொண்டுபோய் எழுத்தோடு ஒட்டிவிட்டார்.

ஐயா, உங்கள் புள்ளிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் வட்டங்களைத் திருப்பித் தாருங்கள். பதினேழு இருந்தன.