வீடியோவைத் திருப்புவதற்கு முன் அதன் கொடியைப் பாருங்கள்

ஃபோனில் எடுத்த வீடியோ படுத்துக்கொண்டு ஓடினால், நம்மில் பெரும்பாலோர் உடனே செய்வது ஒரு 'ரொட்டேட்' செயலியைத் தேடி இறக்குவதுதான். என்னைக் கேட்டால் அதுதான் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. நோய் கோப்பில் இருக்கிறதா, அதை ஓட்டும் பிளேயரில் இருக்கிறதா என்று பார்க்காமலே மருந்து கொடுக்கிறோம். போன வாரம் நண்பர் ஒருவர் கொண்டுவந்த வீடியோவுக்கு நடந்தது அதேதான்.

அவருடைய அப்பா பேசுவதை ஃபோனை நிமிர்த்திப் பிடித்து இரண்டு துண்டுகளாக எடுத்திருந்தார். ஃபோனில் சரியாகத் தெரிந்தது. லேப்டாப்பில் இருந்த பழைய பிளேயரில் போட்டால் அப்பா பக்கவாட்டில் படுத்திருக்கிறார். செயலி ஒன்றில் போட்டுத் திருப்பினார். லேப்டாப்பில் நிமிர்ந்துவிட்டது. அந்தப் பிரதியை ஃபோனுக்கு அனுப்பினால், இப்போது ஃபோனில் படுத்துவிட்டது! வெறுத்துப்போய் வேறொரு எடிட்டரில் போட்டு எடுத்தார். அதில் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றுவிட்டது. ஒரே வீடியோவுக்கு மூன்று பிரதிகள், மூன்றும் மூன்று விதம்.

இது ஏன் என்று புரிய, ஃபோன் எப்படிப் பதிவு செய்கிறது என்று தெரிந்தால் போதும். ஃபோனை நீங்கள் எப்படிப் பிடித்தாலும், உள்ளே இருக்கும் சென்சார் திரும்புவதில்லை. அது எப்போதும் அகலவாக்கில்தான், அதாவது இந்த வீடியோவில் 1920x1080 என்று, படம் எடுக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் திருப்பி எழுதுவது ஃபோனுக்கு வீண் வேலை. அதனால் படுத்த படத்தை அப்படியே எழுதிவிட்டு, "காட்டும்போது வலப்பக்கமாக 90 டிகிரி திருப்பிக் காட்டு" என்று கோப்பின் தலைப்பகுதியில் ஒரு குறிப்பு வைக்கிறது. எம்பி4 கோப்பில் இந்தக் குறிப்பு ஒன்பது எண்கள் கொண்ட ஓர் அணி, மொத்தம் 36 பைட். கொடி என்று நான் சொல்வது இதைத்தான். கொடியை மதிக்கும் பிளேயர் திருப்பிக் காட்டும். மதிக்காத பிளேயர் உள்ளதை உள்ளபடி படுக்கவைத்துக் காட்டும்.

நண்பரின் அசல் கோப்பில், வீடியோவின் விவரங்களைக் காட்டும் `ffprobe` என்ற கருவியை ஓட்டினேன். வீடியோவை மாற்ற உதவும் `ffmpeg` நிறுவினால் கூடவே வருவது, இலவசம்தான். பல வரிகள் வரும். நமக்கு வேண்டியது இவ்வளவு:

```
Video: h264, 1920x1080 [SAR 1:1 DAR 16:9]
displaymatrix: rotation of -90.00 degrees
```

இந்தக் கோப்பில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தப் பழைய பிளேயர்தான் கொடியைப் படிக்கவில்லை. வேறு பிளேயரில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாவது பிரதி சுவாரசியமானது. அதில் அளவு 1080x1920, ஆனால் -90 என்ற கொடியும் அப்படியே இருந்தது. செயலி படத்தையே உண்மையாகத் திருப்பிவிட்டது, பழைய கொடியை எடுக்க மறந்துவிட்டது. கொடி படிக்காத லேப்டாப்பில் நிமிர்ந்து தெரிய, கொடி படிக்கும் ஃபோன் இன்னொரு முறை திருப்பிப் படுக்கவைத்துவிட்டது. ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் படுத்தும் தெரிந்தால், முதலில் கொடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதற்கு மருந்து:

```
ffmpeg -display_rotation 0 -i copy2.mp4 -c copy fixed.mp4
```

`-c copy` என்பதால் படத்தை மறுபடி என்கோட் செய்யவில்லை, கொடி மட்டும் மாறியது. சில நொடிதான் ஆனது, தரம் துளியும் குறையவில்லை. கொடி தப்பான பக்கம் திருப்பினால் 0 இருக்கும் இடத்தில் 90, -90, 180 என்று போட்டுப் பார்க்கலாம். இதில் நேர் எண் இடப்பக்கமாகத் திருப்பும், எதிர் எண் வலப்பக்கமாக. `rotate=0` என்று மெட்டாடேட்டாவில் எழுதச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். புதிய பதிப்புகளில் அந்த வழி கைவிடப்பட்டுவிட்டது.

கொடியே புரியாத கருவியில்தான் ஓட்ட வேண்டும் என்றால் மட்டும் படத்தையே திருப்பி என்கோட் செய்யலாம். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. `ffmpeg` என்கோட் செய்யும்போது கொடியைப் படித்துத் தானாகவே திருப்பிவிடும். அது தெரியாமல் நாமும் படத்தைத் திருப்பும் `transpose=1` ஃபில்டரைச் சேர்த்தால் இரண்டு முறை திரும்பும். அசலை எந்த ஃபில்டரும் இல்லாமல் கொடுத்தாலே நிமிர்ந்து வரும்:

```
ffmpeg -i original.mp4 -crf 18 -c:a copy upright.mp4
```

சரி, மூன்றாவது பிரதிக்கு வருவோம். கொடி இல்லை, 1920x1080, எஸ்ஏஆர் 1:1. எஸ்ஏஆர் என்பது ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். அது 1:1 இல்லாமல் வேறு ஏதாவது இருந்திருந்தால், இழுபட்டது வெறும் குறிப்பால்தான் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். அதையும் என்கோட் செய்யாமலே மாற்றலாம். இங்கே குறிப்பு ஒழுங்காக இருக்கிறது, படம்தான் நசுங்கியிருக்கிறது.

எவ்வளவு நசுங்கியது என்று கண்டுபிடிக்க, வட்டமாக இருக்கும் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். அப்பாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் நேராக மாட்டியிருந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் அளந்தேன். அகலம் 379 பிக்சல், உயரம் 120. வகுத்தால் 3.16. 16-ஐ 9-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் இதே 3.16 வருகிறது. அதாவது 1080 அகலத்தை 1920 ஆக இழுத்து, 1920 உயரத்தை 1080 ஆக அமுக்கியிருக்கிறது அந்த எடிட்டர். திட்டத்தின் அளவு அகலவாக்கில் இருந்ததால், ஓரத்தில் கறுப்புப் பட்டை விடுவதற்குப் பதிலாகத் திரையை நிரப்பிவிட்டது. (கறுப்புப் பட்டையைப் பார்த்து ஏன் எல்லோருக்கும் இவ்வளவு வெறுப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.) விகிதம் 1.33 வந்திருந்தால், 4:3 படத்தை 16:9 ஆக இழுத்தது என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

முதல் துண்டுக்கு அசல் கையில் இருந்ததால் இந்தப் பிரதியைத் தூக்கிப்போட்டோம். இரண்டாவது துண்டின் அசலை, "மூணு காப்பி இருக்கே" என்று ஃபோனில் இடம் காலி செய்யும்போது அழித்துவிட்டார். செயலியில் திருப்பிய பிரதியும் கூடவே போயிருந்தது. மிஞ்சியது நசுங்கியது ஒன்றுதான். அதை இழுத்து நிமிர்த்த:

```
ffmpeg -i squashed.mp4 -vf "scale=1080:1920,setsar=1" -crf 18 -c:a copy out.mp4
```

முகம் முகமாக வந்தது. ஆனால் அமுக்கியபோது 1920 வரிகள் 1080 ஆகக் குறைந்ததில் போன விவரம் போனதுதான், எந்தக் கட்டளையும் அதைத் திருப்பித் தராது. அகலவாக்கில் தெளிவு அவ்வளவாகக் குறையவில்லை, உயரவாக்கில் கொஞ்சம் மெழுகியது போல இருக்கிறது.

ஃபோனே தப்பான கொடி வைப்பதும் உண்டு. மேசைமேல் இருக்கும் தாளை எடுக்க ஃபோனைத் தரையைப் பார்த்துப் பிடித்தால், புவியீர்ப்பை வைத்துத் திசையறியும் சென்சாருக்கு எது மேல் எது கீழ் என்று தெரியாது. பெரும்பாலான ஃபோன்களில், பதிவு தொடங்கும் நொடியில் இருக்கும் திசைதான் கடைசிவரை. நடுவில் திருப்பினால் கொடி மாறாது. நான் ஃபோனை ஒரு நொடி நிமிர்த்திப் பிடித்து, திரையில் ஐகான்கள் திரும்பியதைப் பார்த்த பிறகே மெல்லச் சாய்த்துப் பதிவைத் தொடங்குவேன்.

சரிசெய்ததை எல்லாம் நண்பருக்கு டாக்குமென்டாக அனுப்பினேன். வீடியோவாக அனுப்பினால் செய்தி செயலி அதை இன்னொரு முறை என்கோட் செய்து தரத்தைக் குறைத்துவிடும். இரண்டாவது துண்டில் கடிகாரம் இப்போது வட்டமாக இருக்கிறது. மணி என்ன என்றுதான் சரியாகப் படிக்க முடியவில்லை.