நீசத்தைப் பங்கம் செய்பவருக்குப் பலம் இருக்கிறதா?

2021 தைப்பூசத்தன்று பிறந்த குழந்தையின் ஜாதகத்தோடு ஒரு அம்மா வந்திருந்தார். கணினியில் எடுத்த கட்டத்துக்குக் கீழே 'நீசபங்க ராஜயோகம்' என்று அச்சாகியிருந்தது. "குரு நீசம்னு பயந்துட்டோம். ராஜயோகம்னா இனி கவலை இல்லைதானே சார்?" என்று கேட்டார்.

விதிப்படி அது சரிதான். அன்று மகரத்தில் குரு நீசம், வீடு கொடுத்த சனி அதே வீட்டில் ஆட்சி. சந்திரன் கடகத்தில் இருப்பதால் சனி அவருக்கு ஏழாம் கேந்திரம். பலர் இத்தோடு பலன் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பங்கம் செய்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்காமல் யோகம் என்று சொல்லக் கூடாது.

அது தை மாதம். சூரியனும் மகரத்தில்தான். திருக்கணிதப்படி குரு சூரியனுக்கு ஒரு பாகைக்குள், சனி சுமார் 4 பாகையில். குருவுக்கு 11 பாகை, சனிக்கு 15 பாகை வரை அஸ்தங்கம். அதாவது தூக்கிவிட வேண்டிய சனியே சூரியனிடம் பலம் இழந்து நிற்கிறார். ஆட்சி என்ற பெயர் இருக்கிறது, கொடுக்கிற சக்தி குறைவு.

அப்படியானால் நீசபங்கமே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்திலிருந்து வருகிறது. குரு உச்சமாகும் வீடு கடகம். அதன் அதிபதி சந்திரன் அங்கேயே ஆட்சியாக, பௌர்ணமி ஒளியோடு குருவை நேராகப் பார்க்கிறார். இந்த ஜாதகத்தில் நான் நம்புவது இந்தப் பார்வையைத்தான். அதுவும் குருவின் நீசத்தைத்தான் தணிக்கும், அஸ்தங்கத்தை நீக்காது. அதனால் ராஜயோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன்.

அப்புறம் லக்னம். அன்று நண்பகலில் பிறந்தால் மேஷ லக்னம்: ஒன்பதாம் அதிபதி குரு, பத்தாம் அதிபதி சனியோடு பத்தில். சாயங்காலம் நான்கு மணிக்கு மிதுன லக்னம்: அதே குரு எட்டில் மறைவு. சந்திரனிலிருந்து பார்க்கும் நீசபங்கம் இருவருக்கும் ஒன்றுதான், பலன் ஒன்றாகாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம்.

அந்த அம்மாவின் குழந்தை மேஷ லக்னம். நட்சத்திரம் பூசம், ஆகவே பிறப்பில் சனி திசை, இருப்பு சுமார் பன்னிரண்டரை வருடம். குரு திசை வர தொண்ணூற்றேழு வயதாகிவிடும். ஆனால் சனி திசையின் கடைசிப் புத்தி குரு புத்திதான், 2 வருடம் 6 மாதம் 12 நாள். பத்து வயதில் தொடங்கும். அப்போது படிப்பிலும் ஆசிரியர் அமைவதிலும் அப்பாவின் நிலையிலும் என்ன மாறுகிறது என்று குறித்துவைக்கச் சொன்னேன். குருவுக்கு எவ்வளவு பலம் என்பதை அந்தக் குறிப்பை வைத்துத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.