ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணைய வேண்டாமா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் காசு கொடுத்துத்தான் என் லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் சேர்ந்து இருக்கும்படி டூயல் பூட் போட்டேன். 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 476. அதில் விண்டோஸுக்கு 150, இரண்டுக்கும் பொதுவாக டி டிரைவுக்கு 290, ஆகக் கடைசியில் உபுண்டுவுக்கு வெறும் 35! எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தே மாதத்தில் நிரம்பி, அப்டேட் கூட ஏறாமல் நின்றுவிட்டது.

சரி, டி டிரைவிலிருந்து 40 ஜிபி எடுக்கலாம் என்று, பார்ட்டிஷன்களை மாற்ற உதவும் லினக்ஸ் கருவியான ஜிபார்ட்டடைத் திறந்தால் மஞ்சள் முக்கோணம், தொடவே விடவில்லை. காரணம், விண்டோஸ் சீக்கிரம் பூட் ஆவதற்காக வைத்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் கெர்னலைத் தூங்க வைத்துவிட்டுத்தான் போகிறது, டி டிரைவும் பாதி திறந்த நிலையிலேயே கிடக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அதில் எழுதினால் ஃபைல்கள் சிதையும். இதை அந்தக் கடைக்காரர் அன்றைக்கே அணைத்துக் கொடுத்திருக்க வேண்டும். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் ஒரே வரி:

```
powercfg /h off
```

ஃபோன் பண்ணினால் "பார்ட்டிஷனை இழுத்து விடுங்க சார், சரியாயிடும்" என்கிறார். எங்கே இழுப்பது? டி டிரைவைச் சுருக்கினால் காலி இடம் உபுண்டுவின் இடது பக்கம் வரும், அந்தப் பக்கம் நீட்ட வேண்டுமென்றால் பார்ட்டிஷனின் தொடக்கத்தையே நகர்த்தி, உள்ளே இருப்பதை எல்லாம் வேறு இடத்தில் எழுத வேண்டும், நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் போச்சு. வேளச்சேரியில் நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போகிறது, என் பேட்டரியோ பத்து நிமிஷம் தாங்காது!

நான் நகர்த்தவே இல்லை. டி டிரைவை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே 40960 எம்பி சுருக்கினேன். டி டிரைவில் இருப்பது விண்டோஸின் என்டிஎஃப்எஸ், அதை விண்டோஸே சுருக்குவதுதான் நல்லது. அப்புறம் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே உபுண்டு ஓடும் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, அந்தக் காலி இடத்தில் லினக்ஸுக்கான ext4 பார்ட்டிஷன் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, என் ஃபைல்கள் இருக்கும் பழைய /home முழுவதையும் `rsync -aAX` கொண்டு அதற்குள் நகலெடுத்து, `blkid` காட்டிய அந்தப் பார்ட்டிஷனின் UUID எண்ணை உபுண்டுவின் /etc/fstab-இல் சேர்த்தேன்:

```
UUID=இங்கே-எண் /home ext4 defaults 0 2
```

பூட் ஆனது. ஆனால் `df -h` பார்த்தால் உபுண்டுவின் பழைய 35 ஜிபி பார்ட்டிஷனான ரூட் இன்னும் நிரம்பியே நின்றது, அரை நாள் மண்டை காய்ந்தது. பழைய /home ஃபைல்கள் புது பார்ட்டிஷனுக்கு அடியில் மறைந்து அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன, உபுண்டுவுக்குள் இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. மறுபடி லைவ் யுஎஸ்பி போட்டு, புது நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகுதான் அவற்றை அழித்தேன், 19 ஜிபி திரும்பி வந்தது. அன்றைக்கே உபுண்டுவுக்கு 80 ஒதுக்கியிருந்தால் என் மூன்று நாள் வீணாகியிருக்காது.