ஐந்தாம் மாத ஸ்கேனில் தலசீமியா தெரியுமா?

பகிரப்பட்டு வரும் ஒரு செய்தி: “கணவன், மனைவி இருவரும் தலசீமியா கேரியர் என்றாலும் பயமில்லை, ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் நிலை தெரிந்துவிடும்.”

தவறு. பீட்டா தலசீமியா ரத்தத்தின் மரபணுக் கோளாறு. கேரியர் என்பவர் நோயின்றி அந்த மரபணு மாற்றத்தைச் சுமப்பவர். ஸ்கேன் உறுப்புகளின் வடிவத்தையே காட்டும். பாதிப்புள்ள குழந்தையும் பிறக்கும்போது நன்றாகவே தோன்றும். இருவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குப் பாதிப்பு வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

கர்ப்பத்தின் எட்டாம் வாரத்தில் வரும் தம்பதியருக்கு முதலில் இருவரின் ரத்தத்திலும் மரபணு மாற்றம் எது என்று கண்டறிவார்கள். எதைத் தேடுவது என்று தெரியாமல் குழந்தையின் மாதிரியை எடுத்துப் பயனில்லை. பிறகு 11 முதல் 14 வாரத்துக்குள் நச்சுக்கொடியிலிருந்து சிறு திசு எடுக்கலாம். தாயின் திசு கலந்தால் முடிவு பிறழும். ஆகவே அதையும் சரிபார்ப்பார்கள். அந்தக் காலம் கடந்துவிட்டால், 15 வாரம் நிறைந்தபின் பனிக்குடநீர் எடுக்கலாம். இரண்டிலும் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. சோதனை வேண்டுமா என்பது தம்பதியரின் முடிவு.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையான என்எச்எஸ் இணையதளத்திலோ மரபணு ஆலோசகரிடமோ சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை நம்பி ஐந்தாம் மாதம்வரை காத்திருப்பவருக்கு முதல் வழி அடைபட்டுவிடும், தயவுசெய்து பகிராதீர்கள்.