கப்பலின் மேல்தளம் பாதுகாப்பான இடம் அல்ல

2020 ஆகஸ்ட் மாதம் மத்தியதரைக் கடலில் போய்க்கொண்டிருந்த மெர்ஸ்க் எட்டியன் என்ற டேங்கர் கப்பலுக்கு மால்டாவிடம் இருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பக்கத்தில் ஒரு படகு தத்தளிக்கிறது, போய்ப் பாருங்கள் என்று. டென்மார்க் கொடி பறக்கும் கப்பல் அது. கேப்டன் போனார், 27 பேரை மேலே ஏற்றினார், அவர்கள் ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் படகு மூழ்கிவிட்டது. அதன்பிறகு எந்தத் துறைமுகமும் அந்தக் கப்பலை உள்ளே விடவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 38 நாள்! கூப்பிட்டு அனுப்பிய மால்டாவே, இது டென்மார்க் கப்பல், எங்கள் பொறுப்பு இல்லை என்று கை விரித்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் உட்பட அத்தனை பேரும் இரும்புத் தளத்தில் போர்வை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். பொறுக்க முடியாமல் மூன்று பேர் கடலில் குதித்தார்கள், மாலுமிகள் அவர்களையும் பிடித்துத் தூக்கினார்கள். கடைசியில் ஒரு தொண்டு அமைப்பின் கப்பல் வந்து, அவர்களை மாற்றி ஏற்றிக்கொண்டு சிசிலியில் உள்ள பொட்ஸாலோவில் இறக்கியது.

இந்தச் சம்பவத்தை அகதிப் பிரச்சனையாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. சட்டம் ஒருவரை மட்டும் இறுகக் கட்டிப்போட்டுவிட்டு மற்றவர்களைத் தளர்வாக விட்டிருப்பதுதான் இதன் வேர்.

கேப்டனுக்கு இதில் எந்தத் தப்பிப்பும் கிடையாது. ஐ.நா. கடல் சட்டத்தின் 98ஆவது பிரிவும், கடலில் உயிர்களின் பாதுகாப்புக்காக நாடுகள் செய்துகொண்ட சோலாஸ் ஒப்பந்தமும் தெளிவாகச் சொல்கின்றன: ஆபத்தில் ஆட்கள் இருப்பதாக எங்கிருந்து தகவல் வந்தாலும் முழு வேகத்தில் போக வேண்டும், அவர்கள் எந்த நாட்டவர், எந்த நிலையில் வந்தவர்கள் என்றெல்லாம் பார்க்கக் கூடாது. போக முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று கப்பலின் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

போவது என்றால் சும்மா போய் நிற்பது இல்லை. சரக்குக் கப்பலின் பக்கச் சுவர் பல மாடி உயரம். காற்று வரும் திசையில் கப்பலைக் குறுக்கே நிறுத்தி, அந்த மறைவில் அலை அடங்கிய தண்ணீரில் படகைக் கொண்டுவந்து, கயிற்று ஏணியையும் வலையையும் தொங்கவிட்டு ஒவ்வொருவராக ஏற்ற வேண்டும். கப்பலைப் பார்த்ததும் படகில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினால் அவ்வளவுதான், படகு கவிழ்ந்துவிடும். 2015 ஏப்ரலில் கிங் ஜேக்கப் என்ற கண்டெய்னர் கப்பல் உதவிக்குப் போன இடத்தில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கப்பலிலேயே வந்து மோதிக் கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் 28 பேர், செத்தவர்கள் 800க்கு மேல் இருக்கும் என்பது ஐ.நா.வின் கணிப்பு. அந்தக் கப்பல் மீது தப்பில்லை. ஆனால் அதைக் கண்ணால் பார்த்த மாலுமிகள் வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் கப்பலில் இவ்வளவையும் செய்துவிட்டு வருபவரிடம்தான் நம் நாடுகள் கதவைச் சாத்துகின்றன.

இது முதல் முறையும் இல்லை. 2001இல் டாம்பா என்ற நார்வே கப்பல், ஆஸ்திரேலியாவின் மீட்பு மையம் சொல்லித்தான் கிறிஸ்மஸ் தீவுக்கு வடக்கே போய் 438 பேரைக் காப்பாற்றியது, பெரும்பாலும் ஆப்கானியர்கள். 50 பேருக்கு மட்டுமே பாதுகாப்பு வசதி உள்ள கப்பல் அது. ஆஸ்திரேலியா உள்ளே விட மறுத்தது, மீறி எல்லைக்குள் நுழைந்ததும் சிறப்புப் படையினரை அனுப்பிக் கப்பலைக் கைப்பற்றியது. கேப்டன் ஆர்னே ரின்னனுக்கும் அவருடைய மாலுமிகளுக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் மறு வருடம், அகதிகளுக்கு உதவுபவர்களுக்கு ஐ.நா. தரும் நான்சென் விருது கிடைத்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 2004இல் ஒப்பந்தங்களைத் திருத்தினார்கள்.

அந்தத் திருத்தம் நல்ல திருத்தம்தான். அதோடு வந்த வழிகாட்டுதலில் 'பாதுகாப்பான இடம்' என்றால் என்ன என்றும் எழுதினார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியிருக்க வேண்டும், சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் கிடைக்க வேண்டும், அங்கிருந்து அடுத்த இடத்துக்குப் போக ஏற்பாடு செய்ய முடிய வேண்டும். ஆட்கள் கப்பலில் ஏறிவிட்டார்கள், இனி உடனடி ஆபத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காப்பாற்றிய கப்பலையே பாதுகாப்பான இடம் என்று கொள்ளக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. எட்டியன் கப்பல் விஷயத்தில் மீறப்பட்டது இந்த வரிதான்.

ஓட்டை எங்கே என்றால், கடலை மீட்பு மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நாட்டின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், சம்பவம் எந்த நாட்டின் மண்டலமோ அந்த நாடு 'ஒருங்கிணைப்பையும் ஒத்துழைப்பையும் உறுதி செய்ய வேண்டும்' என்றுதான் திருத்தம் சொல்கிறது. வேறு யாரும் ஏற்காவிட்டால் உன் துறைமுகத்தைத் திற என்று எங்கேயும் எழுதவில்லை. போதாததற்கு மால்டா அந்தத் திருத்தத்தையே ஏற்கவில்லை, சம்பவ இடத்துக்கு அருகில் உள்ள துறைமுகத்தில் இறக்குங்கள் என்கிறது. மால்டாவின் மண்டலத்தில் பல இடங்களுக்கு இத்தாலியின் லாம்பெடூசா தீவுதான் அருகில் இருக்கிறது. இத்தாலியோ மண்டலம் யாருடையதோ அவர்தான் பொறுப்பு என்கிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு காகிதத்தைக் காட்டிக்கொண்டே இருக்கலாம், கப்பல் நடுவில் நிற்கும்.

சரி, அப்படியானால் தெற்கே லிபியாவில் இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 2018இல் அஸ்ஸோ 28 என்ற இத்தாலியக் கப்பல் அதைத்தான் செய்தது. எண்ணெய் மேடைக்கு உதவியாக நின்ற அந்தக் கப்பல் 101 பேரைத் திரிப்போலிக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தது. கேப்டனுக்கு ஒரு வருடச் சிறைத்தண்டனை, 2024இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தடுப்பு முகாமும் சித்திரவதையும் காத்திருக்கும் ஊர் பாதுகாப்பான இடம் ஆகாது. தீர்ப்பு சரியான தீர்ப்பு. ஆனால் கேப்டனின் நிலையைப் பாருங்கள். காப்பாற்றாமல் போனால் குற்றம், லிபியாவில் விட்டாலும் குற்றம், வடக்கே கொண்டுவந்தால் கதவு அடைப்பு. ஒவ்வொரு நாளும் எரிபொருளும் கப்பல் வாடகையும் யார் தலையிலோ ஏறிக்கொண்டே போகும். உதவிக்குக் கத்தியும் கப்பல்கள் கண்டுகொள்ளாமல் போயின என்று பிழைத்தவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் போவதை நான் நியாயப்படுத்த மாட்டேன், ஆனால் அந்தச் சபலத்தை உண்டாக்குவது கரையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

மால்டா சின்ன நாடு, உண்மைதான். 316 சதுர கிலோமீட்டர். எல்லோரையும் அதன் தலையில் கட்டுவது அநியாயம், மற்ற ஐரோப்பிய நாடுகள் பங்கு போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பேரத்தை ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டுப் பேசுங்கள் என்கிறேன். இறக்கிவிடுவது வேறு, குடியுரிமை கொடுப்பது வேறு.

நம்மவர்கள் கதையே ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில் இலங்கையைச் சேர்ந்த 303 பேரோடு ஒரு கப்பல் தென்சீனக் கடலில் தண்ணீர் ஏறித் தத்தளித்தது. பக்கத்தில் போன ஹீலியோஸ் லீடர் என்ற ஜப்பானியக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது, வியட்நாம் வூங் டாவ் துறைமுகத்தில் இறக்க அனுமதித்தது, மறுநாளே ஆட்கள் கரையில் இருந்தார்கள். அப்புறம் அவர்களில் பலர் ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்று போராடியதும், அடுத்த மாதமே ஒரு பகுதியினரை இலங்கைக்கு அனுப்பியதும் வேறு கதை. அந்தச் சண்டை தரையில் நடந்தது. ஜப்பானியக் கேப்டனின் தளத்தில் நடக்கவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். எந்த நாட்டின் மீட்பு மையம் கப்பலை அனுப்பியதோ, அது குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறு துறைமுகம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் தன் துறைமுகத்தைத் திறக்க வேண்டும். மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.